ரோஸ் ஆன வெள்ளைச் சட்டைகள்

சாயம் இறங்கிய சட்டையின் படத்தை யாராவது அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது தையலைத்தான். நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகன் அனுப்பிய படத்தில் வெள்ளைச் சட்டை ஒன்று முழுக்க ரோஸ் நிறமாக இருந்தது. ஆனால் காலரைச் சுற்றிப் போகும் தையல், பொத்தான் துளை ஓரம், பாக்கெட் விளிம்பு எல்லாம் கோடு போட்டதுபோல் பளிச்சென்று வெள்ளையாகவே நின்றன. துணி பருத்தி, தையல் நூல் பாலியஸ்டர். சாயம் பருத்தியை மட்டும் பிடித்து, பாலியஸ்டரைத் தொடாமல் விட்டிருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவளுக்கு அந்த வெள்ளைக் கோடு பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மீதிக் கதையைப் போனில் கேட்டேன்.

"சித்தி, எல்லாமே ரோஸ் கலராயிருச்சுங்க."

"காயப் போட்டாச்சா சாமி?"

"இல்லீங் சித்தி, இன்னும் மெஷின்லயேதான் கெடக்குது."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவன் கோவையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தபோது துணியைச் சலவைக்காரர் எடுத்துப்போய் மடித்துக் கொண்டுவந்து தருவார். இந்த ஜூனில்தான் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பீளமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தார்கள். காலி செய்துபோன சீனியர்களிடமிருந்து பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒன்றும் கைமாறியது. சமையல், பாத்திரம், துணி என்று வாரத்துக்கு ஒருவர் முறை. அந்த வாரம் துணி முறை அக்கா மகனுடையது.

திங்கட்கிழமை காலை மதுரைக்காரப் பையனுக்குக் கேம்பஸ் இண்டர்வியூ. அதற்கென்று அவன் அப்பா வாங்கிக் கொடுத்த சுத்தப் பருத்திச் சட்டை, சேலத்துப் பையனின் டெரிகாட்டன் சட்டை, நாகர்கோவில் பையனின் ஜரிகைக் கரை வேட்டி, நாலு பேருடைய பனியன்கள், எல்லாம் வெள்ளை. கூடவே அக்கா மகன் ஆடித் தள்ளுபடியில் வாங்கி ஒரே ஒரு தடவை போட்டிருந்த மெரூன் பருத்திக் குர்தா. புதுசுதானே, அழுக்கே இல்லையே என்று அதையும் சேர்த்துப் போட்டான். பவுடர் போட்டு, தண்ணீர் நிரப்பி, பதினைந்து நிமிடம் சுற்றவிட்டான். பிறகு ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் படத்துக்குப் போனான். திரும்பி வந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

குர்தாவைச் சேர்த்துப் போட்டது தவறுதான். ஆனால் இவ்வளவு ஆழமாக நிறம் ஏறியதற்கு முக்கியக் காரணம் அந்த ராத்திரி ஊறல். சுற்றிய பதினைந்து நிமிடத்தோடு தண்ணீரை வடித்திருந்தால் லேசான சாயல் மட்டும் ஏறியிருக்கும், ஒரு அலசலிலேயே பெருமளவு போயிருக்கும். விடிய விடிய ஒரே தண்ணீரில் கிடந்ததால், குர்தாவிலிருந்து இறங்கிய சாயம் நிதானமாக எல்லாப் பருத்தி இழைக்குள்ளும் புகுந்து சமமாகப் பரவிவிட்டது. பட்டறையில் சாயம் ஏற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். தண்ணீர், சாயம், பருத்தி, நேரம் நான்கும் ஒன்றாக இருந்தால் போதும், துணி நிறம் வாங்கிக்கொள்ளும்.

புதுத் துணியில் இறங்குவதற்கென்று சாயம் ஏன் மிச்சம் இருக்கிறது? இன்று நம்மூரில் விற்கும் அடர் நிறப் பருத்தித் துணிகளில் மிகப் பெரும்பாலும் இருப்பது ரியாக்டிவ் சாயம். 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இதன் மூலக்கூறில் ஒரு கொக்கி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கி பருத்தி இழையில் மாட்டிக்கொண்டால் வேதிப் பிணைப்பு உண்டாகிவிடும், வீட்டுச் சலவையில் அது கழன்று வராது. சிக்கல் என்னவென்றால், சாயத்தொட்டியில் பருத்தி மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது. சாயத்தில் ஒரு பகுதி பருத்திக்குப் பதில் தண்ணீரோடு சேர்ந்துவிடும். ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் இப்படி வீணாவது சாதாரணம். கொக்கி போன அந்தச் சாயம் எதிலும் மாட்டிக்கொள்ள முடியாமல், ஆனால் நிறம் குறையாமல், துணியின் இழைக்குள் சும்மா தங்கியிருக்கும்.

அதை வெளியேற்றுவதுதான் பட்டறையில் பாதி வேலை. சாயம் ஏற்றி முடித்த துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு 90 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் ஓட்டி, மறுபடி அலசுவார்கள். சோப்பிங் என்று சொல்வோம். மெரூன், கருநீலம், கறுப்பு போன்ற நிறங்களுக்கு ஒரு சோப்பிங் போதாது, இரண்டு மூன்று ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், ஆவி, நேரம் செலவாகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இறுகிய பிறகு, வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு உண்டு. நொய்யலுக்கு அது அவசியம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தச் செலவைத் தப்பிக்க எந்தப் பட்டறையாவது ஒரு சோப்பிங்கைக் குறைத்தால், அந்த வேலை துணி வாங்கியவரின் வீட்டுப் பக்கெட்டுக்கு வந்துசேர்கிறது. வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, பீளமேட்டுக்கு வருவோம். எனக்குப் போன் போடும் முன்பே சேலத்துப் பையன் தன் சட்டையை மட்டும் எடுத்து, ரோஸை மறைக்கலாம் என்று சொட்டு நீலத்தில் முக்கியிருந்தான். ரோஸின் மேல் நீலம் ஏறினால் என்ன ஆகும்? சட்டை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. நீலம் எந்தக் கறையையும் எடுப்பதில்லை. பழைய வெள்ளைத் துணியின் மஞ்சள் சாயலின் மேல் லேசான ஊதா சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான் அதன் வேலை. நல்லவேளையாக நீலம் பருத்தியில் ஒட்டிக்கொள்ளாது, தண்ணீரிலேயே போய்விடும்.

நான் முதலில் சொன்னது குர்தாவைத் தனியாக எடுத்துத் தூர வைக்கும்படி. அடுத்து, வெள்ளைத் துணி எதையும் வெயிலில் போடாதே, இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே என்றேன். காய்ந்துவிட்டால் சாயம் போகவே போகாது என்றில்லை. ஆனால் ஈரமாக இருக்கும்போது இழை உப்பித் திறந்திருக்கும், சாயம் வெளியே வர வழியிருக்கும். காய்ந்து, சூடும் பட்டுவிட்டால் உழைப்பு இரட்டிப்பாகும். பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, வடிகிற தண்ணீர் தெளிவானதும் அப்படியே ஈரத்தோடு ஒரு பக்கெட்டில் போட்டு வைக்கச் சொன்னேன்.

"உப்புப் போட்டு ஊற வைக்கலாமுங்களா சித்தி? அம்மா அப்படித்தான் செய்வாங்க."

அக்கா மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் புதுச் சேலையை உப்புத் தண்ணீரில்தான் முதலில் முக்குவார்கள். உப்பு என்ன செய்கிறது என்பதைப் பட்டறையில் தினமும் பார்க்கலாம். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்பைக் கொட்டுவோம், சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணியின் பக்கம் தள்ளுவதற்கு. அதனால் உப்புத் தண்ணீரில் முக்கிய சேலையிலிருந்து சாயம் அதிகம் இறங்காது, தண்ணீரும் தெளிவாகத் தெரியும். சாயம் உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது இழைக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது, அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். ரோஸ் ஏறிய வெள்ளைச் சட்டைக்கு உப்புப் போடுவதோ இன்னும் மோசம். வெளியே வர வேண்டிய சாயத்தை உள்ளே தள்ளுவதாகிவிடும்.

இதே காரணத்தால் எந்தத் தண்ணீரில் துவைக்கிறோம் என்பதும் முக்கியம். அந்த மாடிப் போர்ஷனில் புழக்கத்துக்கு வருவது போர்த் தண்ணீர், உப்பும் கடினத்தன்மையும் உள்ளது. சோப்பு நுரைக்காது, சாயமும் எளிதில் கழன்று வராது. சமையலறையில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த இரண்டு குடம் சிறுவாணித் தண்ணீரை எடுக்கச் சொன்னேன். சிறுவாணி மென்மையான தண்ணீர் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள்.

கொக்கி இல்லாத சாயம் துணியில் பலவீனமாகத்தான் ஒட்டியிருக்கிறது. நல்ல சூடும் சோப்பும் சேர்ந்தால் அது விடும். பட்டறையில் செய்யாமல் விட்ட சோப்பிங்கை வீட்டில் செய்தால் போதும், அதுவும் இப்போது வெள்ளைத் துணிக்கு. பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீரை அடுப்பில் வைத்து, ஆவி பறந்து ஓரத்தில் குமிழி வரும் சமயத்தில் இறக்கி, துவைக்கும் பவுடரைக் கரைத்து, துணிகளைப் போட்டுக் கட்டையால் கிளறச் சொன்னேன். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடலாமா என்று கேட்டார்கள். துணி உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. ராடைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வெளியே எடுக்காமல் அந்தத் தண்ணீரில் கைவைக்கவும் கூடாது.

பத்து நிமிடத்தில் தண்ணீர் ரோஸ் மில்க் போல ஆகிவிட்டது என்று படம் அனுப்பினான். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். சூடு ஆறும் வரை ஊறட்டும் என்று விட்டுவிட்டால், வெளியே வந்த சாயம் தண்ணீர் ஆற ஆற மறுபடி துணிக்கே திரும்பும். இருபது நிமிடம் கிளறியதும், சூடாக இருக்கும்போதே கட்டையால் துணியைத் தூக்கி வேறு பக்கெட்டுக்கு மாற்றி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதன் பிறகு புதுத் தண்ணீரில் அலசல், மறுபடி புதிதாகச் சூடான சோப்புத் தண்ணீர்.

முதல் சுற்றிலேயே சேலத்துப் பையனின் சட்டை நீலமும் ரோஸும் போய் வெள்ளையாகிவிட்டது. டெரிகாட்டனில் பாலியஸ்டர் பங்கு அதிகம், சாயம் பிடிக்கப் பருத்தி கொஞ்சம்தான். இண்டர்வியூச் சட்டை இரண்டு சுற்றுக்குப் பிறகு ரோஸிலிருந்து இறங்கி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கலான சாயலுக்கு வந்தது. பனியன்கள்தான் பிடிவாதம் பிடித்தன. பின்னல் துணி உறிஞ்சும் தன்மை அதிகமுள்ளது, சாயத்தையும் கூடுதலாகக் குடித்திருந்தது.

இதற்குள் நாகர்கோவில் பையன் குளியலறையிலிருந்து பிளீச் பாட்டிலை எடுத்துவிட்டான். குளோரின் பிளீச் வெள்ளைப் பருத்தியிலிருந்து இந்தச் சாயத்தை எடுக்கக்கூடியதுதான். ஆனால் அளவு தெரியாமல் ஊற்றினால் பருத்தி இழையே நலியும், சில சலவைகள் கழித்துச் சட்டை தோளில் கிழியும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணி மஞ்சளாகும், ஜரிகை கறுத்துவிடும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. யாராவது கூடுதல் வேகத்துக்கு என்று எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ டாய்லெட் கழுவும் ஆசிட்டையோ அதோடு சேர்த்துவிட்டால் குளோரின் வாயு வெளிவரும். சிறிய குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தால் ஆளுக்கே ஆபத்து. பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.

பட்டறையாக இருந்தால் ஹைட்ரோஸ் போட்டுச் சீக்கிரமே நிறத்தை உடைத்திருப்போம். சோடியம் ஹைட்ரோசல்பைட் அது. ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொடி, மூக்கைத் துளைக்கும் வாயுவும் வரும். வாடகை வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. அதனால் கடையில் கறை நீக்கும் பவுடராகக் கிடைக்கும் ஆக்சிஜன் பிளீச்சை வாங்கச் சொன்னேன். அட்டையில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடாவாகவும் பிரியும். பச்சைத் தண்ணீரில் அது சோம்பேறி, சூட்டில்தான் வேலை செய்யும். கைவைத்தால் சட்டென்று எடுக்கத் தோன்றும் அளவுக்கு, அதாவது 60 டிகிரி அளவில் சூடு வேண்டும். அரைப் பக்கெட் தண்ணீருக்கு நாலு டேபிள் ஸ்பூன் போட்டு, சட்டையையும் பனியன்களையும் மூழ்கடித்து மூன்று மணி நேரம் வைத்தார்கள். மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் சேரும்.

வேட்டியை மட்டும் அதில் போட விடவில்லை. சூடான காரமும் பெராக்சைடும் ஜரிகையின் பளபளப்பைக் கெடுத்துவிடும். வேட்டியின் உடல் பகுதியை மட்டும் சூடான சோப்புத் தண்ணீரில் முக்கி, கரையை வெளியே தொங்கவிட்டு, அக்கா மகனும் நாகர்கோவில் பையனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

"எவ்வளவு நேரம்டா பிடிச்சிட்டு நிக்கணும்?" என்று அவன் கேட்பது போனிலேயே எனக்குக் கேட்டது.

"சித்தி சொல்ற வரைக்கும்டா, பேசாம பிடி."

மாலையில் இண்டர்வியூச் சட்டை வெள்ளையாகிவிட்டது. முன்பிருந்த பளிச்சென்ற நீலச்சாயல் வெள்ளை இல்லை, கொஞ்சம் அடங்கிய வெள்ளை. புதுச் சட்டைகளில் இருக்கும் ஒளிரூட்டிப் பூச்சு இத்தனை சூட்டிலும் சலவையிலும் ஓரளவு குறைந்திருக்கும். அறை வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பனியன்களில் இரண்டு தேறின, மீதி இளம் ரோஸாகவே நின்றுவிட்டன. உள்ளே போடுவதுதானே என்று வைத்துக்கொண்டார்கள். வேட்டி தேறவில்லை. கரை தப்பியது, ஆனால் உடலில் அங்கங்கே திட்டாக ரோஸ் தங்கிவிட்டது. நாகர்கோவில் பையனின் அம்மா ஓணத்துக்கு எடுத்துக் கொடுத்தது அது. அக்கா மகன் அந்த மாதக் கைச்செலவிலிருந்து அதே போன்ற வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னானாம், இவன் கேட்கவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

இனி குர்தா. அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றான். வேண்டாம், முதலில் அதில் இருப்பது எந்தச் சாயம் என்று பார்ப்போம் என்றேன். லேபில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பருத்தி, பாலியஸ்டர், நைலான், கம்பளி என்று ஆறு வகை இழைகள் வரிசையாக நெய்த ஒரு சிறு பட்டையை நிறத் துணியோடு சேர்த்துத் தைத்து, சோப்புத் தண்ணீரும் எஃகு உருண்டைகளும் உள்ள குடுவையில் போட்டுச் சுற்றுவோம். பிறகு எந்த இழையில் எவ்வளவு நிறம் ஏறியிருக்கிறது என்று சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் கொஞ்சமும் ஏறவில்லை என்று பொருள். வீட்டில் அந்தப் பட்டைக்குப் பதில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு போதும். அதை நனைத்துப் பிழிந்து, குர்தாவின் உள்பக்கத் தையல் மடிப்பின் மேல் வைத்து, இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியால் சில விநாடி அழுத்த வேண்டும். துண்டில் நிறம் வந்தால் துணி இன்னும் சாயம் விடுகிறது. கடையிலிருந்து வந்த எந்த அடர் நிறப் பருத்தித் துணிக்கும் முதல் சலவைக்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

குர்தாவைத் தனியாக, வெள்ளைத் துணிக்குச் செய்தது போலவே, சூடான சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் படம் அனுப்ப வேண்டும். ரியாக்டிவ் சாயமாக இருந்தால் மிச்சம் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும், குர்தாவின் நிறமும் பெரிதாக வெளுக்காது. டைரக்ட் சாயம் என்று இன்னொரு வகை இருக்கிறது. கொக்கியே இல்லாமல் வெறும் ஈர்ப்பில் ஒட்டியிருப்பது, மலிவானது. அதில் போட்ட துணி எத்தனை முறை துவைத்தாலும் விட்டுக்கொண்டே இருக்கும், துணியும் ஒவ்வொரு முறையும் மங்கும். அப்படிப்பட்ட துணியைக் கடைசி வரை பச்சைத் தண்ணீரில் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

முதல் டம்ளரில் திராட்சைச் சாறு நிறம். இரண்டாவதில் ரோஸ். மூன்றாவதில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் தெரிந்தது. நான்காவது படத்தில் டம்ளருக்குப் பின்னால் இருந்த காலண்டரின் தேதி தெளிவாகத் தெரிந்தது, குர்தாவும் மெரூனாகவே இருந்தது. ரியாக்டிவ்தான். இனி அதை மற்ற அடர் நிறத் துணிகளோடு சேர்த்துப் போடலாம், ஊற வைக்க மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.